பொட்டும் மறையாமல், பேனரும் அழியாமல் கருப்பு வெள்ளை

"அம்மா அப்பாவின் அறுபதாம் கல்யாண வீடியோவைப் பழைய படம் மாதிரி கருப்பு வெள்ளையாக மாற்றினேன். அப்பா முகம் கருத்துவிட்டது. மேடைக்குப் பின்னால் பச்சை பேனரில் சிவப்பில் எழுதியிருந்த எழுத்தே தெரியவில்லை. கான்ட்ராஸ்ட் ஏற்றினால் வேட்டி வெளுத்துப்போய் மடிப்பே இல்லாமல் ஆகிறது. எந்த செட்டிங் வைக்க வேண்டும்?" – கோபியிலிருந்து ஒருவர்

கான்ட்ராஸ்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். உங்கள் வீடியோ கெட்டது அங்கே இல்லை, அதற்கு ஒரு படி முன்னால். கலரை எடுத்த அந்த நொடியிலேயே எழுத்து போய்விட்டது. போன பிறகு கான்ட்ராஸ்டை எவ்வளவு ஏற்றினாலும் வராது. ஈரோட்டுப் பக்கம் இருபது வருடத்துக்கு மேல் கல்யாண வீடியோ எடிட் செய்து வருகிறேன். இதே தப்பை நானும் செய்து, ஒரு வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

கலர் வீடியோவில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்தான். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. கருப்பு வெள்ளை ஆக்குவதென்றால் இந்த மூன்றையும் கலந்து ஒரே எண்ணாக்குவது. எந்தக் கலருக்கு எத்தனை பங்கு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சாச்சுரேஷனைப் பூஜ்யத்துக்கு இழுத்தால் மென்பொருள் தன் வழக்கமான பங்கைப் போட்டுக்கொள்ளும். எச்டி வீடியோவுக்கான தரத்தில் அது சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722. அதாவது நூற்றுக்கு எழுபதுக்கு மேல் பச்சைக்கே போகிறது. நம் கண் பச்சைக்குத்தான் அதிகம் கூசும் என்பதால் வைத்த கணக்கு அது. பொதுவான காட்சிக்குச் சரியான கணக்குதான். ஆனால் நம் ஊர்த் தோல் நிறத்தில் சிவப்புதான் தூக்கலாக இருக்கும், பச்சை குறைவு, நீலம் இன்னும் குறைவு. எந்த எண் நம் முகத்தில் பெரிதாக இருக்கிறதோ, அதற்கு ஐந்தில் ஒரு பங்குதான் மதிப்பு கிடைக்கிறது. முகம் கருக்காமல் என்ன செய்யும்?

பேனர் கதை இன்னும் மோசம். நீங்கள் சொன்ன மாதிரியே பச்சை பேனரில் சிவப்பு எழுத்து வைத்த ஒரு கல்யாணம் என்னிடம் இருக்கிறது. அதன் ஒரு பிரேமை நிறுத்தி அளந்ததைச் சொல்கிறேன். எழுத்தின் சிவப்பு 200, 40, 40. பின்னால் இருக்கும் பச்சை 20, 95, 50. கலரில் பார்த்தால் தெருக்கோடியிலிருந்து படிக்கலாம். மேலே சொன்ன பங்கில் கலந்தால் எழுத்து 74 ஆகிறது, பச்சை 76 ஆகிறது. இரண்டு எண் வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. எழுத்து அழியவில்லை, இரண்டும் ஒரே சாம்பல் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இந்த நிலையில் கான்ட்ராஸ்டை 1.3 என்று ஏற்றுகிறீர்கள் என்று வையுங்கள். அந்த ஸ்லைடர் பொதுவாகச் செய்வது இதுதான்: நடுச் சாம்பலான 128-ஐப் பிடித்துக்கொண்டு, அதற்கு மேலே இருப்பதை இன்னும் மேலே தள்ளும், கீழே இருப்பதை இன்னும் கீழே தள்ளும். பேனரின் இரண்டு எண் வித்தியாசம் மூன்றுகூட ஆகாது. அதே படத்தில் மாப்பிள்ளையின் அப்பா முகம் 120, 78, 58. கருப்பு வெள்ளையில் 85. நடுவுக்குக் கீழே இருப்பதால் அது 72-க்கு இறங்கும், அதாவது இன்னும் கருக்கும். வேட்டி 235-ல் இருந்தது. அது 255-ஐத் தாண்டி முட்டி நிற்கும், மடிப்பெல்லாம் ஒரே வெள்ளையாகும். முகம் கருத்ததற்கும் வேட்டி வெளுத்ததற்கும் தனித்தனிக் காரணம் தேட வேண்டாம். ஒரே ஸ்லைடர் செய்த இரண்டு வேலை. பிரைட்னஸ் ஏற்றினாலும் முகத்தோடு வேட்டியும் சேர்ந்துதான் ஏறும்.

அப்புறம் என்ன வழி? பங்கை மாற்றுவதுதான் வழி. அதில் ஒரு வசதி இருக்கிறது. வெள்ளை வேட்டியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கிட்டத்தட்ட சமம். பங்குகளைக் கூட்டினால் 1 வருகிற மாதிரி எப்படி மாற்றினாலும் 235 என்பது 235-ஆகவே நிற்கும். மாறுவது கலர் உள்ள இடங்கள் மட்டும். முகத்தை ஏற்றலாம், வேட்டியை அது தொடவே தொடாது. கல்யாணச் சீர் நடத்தும் அருமைக்காரர் தலையில் கட்டியிருக்கும் வெள்ளை உருமாலும் அப்படியே இருக்கும். கூட்டுத்தொகை 1-ஐத் தாண்டினால்தான் வெள்ளை 255-ல் முட்டி வெடிக்கும். அதனால் பங்கு போடும்போது கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

டாவின்சி ரிசால்வ் வைத்திருந்தால் கலர் பக்கத்தில் RGB Mixer என்று ஒன்று இருக்கும். அதில் Monochrome என்ற கட்டத்தை டிக் செய்தால் மூன்று கலருக்கும் ஒவ்வொரு பங்கு கேட்கும். இலவசப் பதிப்பே போதும். கட்டளை அடித்துப் பழக்கம் இருந்தால் ffmpeg என்ற மென்பொருளில் இப்படி:

```
ffmpeg -i kalyanam.mp4 -vf "colorchannelmixer=rr=0.6:rg=0.3:rb=0.1:gr=0.6:gg=0.3:gb=0.1:br=0.6:bg=0.3:bb=0.1,format=yuv420p" -c:v libx264 -crf 18 -c:a copy sothanai.mp4
```

மூன்று வரிசையிலும் 0.6, 0.3, 0.1 என்று ஒரே மாதிரி இருப்பதால்தான் சாம்பல் வருகிறது. ஒன்றில் தவறி வேறு எண் போட்டால் படத்தில் லேசாகக் கலர் ஏறும்.

இந்த 0.6 சிவப்புப் பங்கில் என் கல்யாணப் பிரேம் என்ன ஆனது என்றால், எழுத்து 136, பச்சை 46. தொண்ணூறு எண் வித்தியாசம், பேனர் பளிச்சென்று வந்துவிட்டது. அப்பா முகம் 85-லிருந்து 101-க்கு ஏறியது. பார்த்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். முழு வீடியோவையும் அப்படியே மாற்றி பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் அந்த வீட்டுப் பாட்டியே போன் செய்தார். "ஏங்கண்ணு, புள்ளை நெத்தீல பொட்டக் காணமே?" என்றார். எடுத்துப் பார்த்தால் நிஜமாகவே காணவில்லை. பெண்ணின் நெற்றி 150, 100, 75. குங்குமம் 180, 20, 30. பழைய பங்கில் நெற்றி 109, பொட்டு 55. நன்றாகத் தெரிந்தது. என்னுடைய பங்கில் நெற்றி 128, பொட்டு 117. தோலோடு தோலாகக் கரைந்துவிட்டது. வகிட்டுக் குங்குமமும் போய், உதடும் வெளுத்து, மணப்பெண் காய்ச்சலில் கிடந்தவள் மாதிரி இருந்தாள். கல்யாண வீடியோவில் பொட்டில்லாமல் பெண்ணைக் காட்டினால் நம் பக்கம் என்ன பேச்சு வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காசு வாங்காமல் திரும்பச் செய்து கொடுத்தேன்.

சிவப்பு எழுத்தை ஏற்றும் அதே பங்கு, சிவப்புப் பொட்டையும் ஏற்றும். தப்பவே முடியாத சிக்கல் இது. அதனால் பேனர் தெரியும் வரை சிவப்பை ஏற்று, பொட்டு மறைய ஆரம்பிக்கும் முன் நிறுத்து என்பதுதான் கணக்கு. நான் கடைசியில் நின்ற இடம் சிவப்பு 0.45, பச்சை 0.45, நீலம் 0.1. இதில் எழுத்து 112, பேனரின் பச்சை 57. நன்றாகப் படிக்கலாம். நெற்றி 120, பொட்டு 93. முன்பிருந்த அழுத்தம் இல்லை, ஆனால் பொட்டு பொட்டாக இருக்கிறது. அப்பா முகம் 95. சிவப்புப் பட்டும் முகத்திலிருந்து பிரிந்து நிற்கிறது.

இந்த விளையாட்டு புதிதில்லை. மௌனப் பட காலத்தில் ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற பிலிம் இருந்தது. அதற்குச் சிவப்பு வெளிச்சமே தெரியாது, அதனால் உதடு கருப்பாகவும் முகம் ஒரு படி இருண்டும் விழும். எல்லாக் கலரையும் பார்க்கும் பான்குரோமேட்டிக் பிலிம் பரவிய பிறகு, லென்ஸுக்கு முன்னால் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று பில்டர் கண்ணாடி வைத்து சாம்பலை அவர்களே தீர்மானித்தார்கள். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் ஓடிய காலத்துக் கருப்பு வெள்ளைப் படத்தில் முகம் அவ்வளவு தெளிவாக இருப்பது, எந்தக் கலர் எந்தச் சாம்பலாக விழும் என்று தெரிந்து லைட்டும் துணியும் மேக்கப்பும் முன்பே முடிவு செய்ததால். உங்களுக்கு அந்த வாய்ப்பு போய்விட்டது, எடுத்த கலரிலிருந்துதான் பிரித்தெடுக்க வேண்டும்.

என் 0.45-ஐ அப்படியே போடாதீர்கள். பங்கு எப்படி வேலை செய்கிறது என்பது கணக்கு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் பேனரின் பச்சை எந்தப் பச்சை, மண்டபத்து லைட் எந்த லைட் என்பது உங்கள் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் நீங்களே அளந்துவிடுங்கள். முகம் பெரிதாகத் தெரியும் ஒரு பிரேம், பேனர் முழுதாகத் தெரியும் ஒரு பிரேம், இரண்டையும் படமாக எடுத்து ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, கலர் எடுக்கும் குழலால் தொட்டுப் பாருங்கள். ஒரே புள்ளியைத் தொடாமல் சுற்றியுள்ள புள்ளிகளின் சராசரியை எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரைச்சலில் எண் குதிக்கும். நெற்றி, பொட்டு, எழுத்து, எழுத்துக்குப் பின்னணி, இந்த நான்கு இடம் போதும். கால்குலேட்டரில் பெருக்கிக் கூட்டினால் ரெண்டர் செய்வதற்கு முன்பே விடை தெரிந்துவிடும். படிக்க வேண்டிய எழுத்துக்கும் பின்னணிக்கும் நாற்பது எண்ணாவது இடைவெளி வேண்டும், பொட்டுக்கும் நெற்றிக்கும் இருபத்தைந்து எண்ணாவது வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. இது புத்தகத்தில் உள்ள விதி இல்லை, டிவியிலும் போனிலும் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம்.

அளப்பதற்கு முன் வொயிட் பேலன்ஸைச் சரி செய்துவிடுங்கள். எப்படியும் கலர் போகப் போகிறது, எதற்கு என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பங்கு வேலை செய்வதே அந்த மூன்று கலர் மீதுதான். மஞ்சள் பல்பில் எடுத்த துண்டில் வேட்டியே 235, 205, 150 என்று இருக்கும். அங்கே சிவப்பை ஏற்றினால் வேட்டியும் சேர்ந்து ஏறும், நான் மேலே சொன்ன வசதி காணாமல் போய்விடும். மொபைலில் எடுத்ததும் கேமராவில் எடுத்ததும் கலந்திருந்தால், இரண்டிலும் வேட்டியை வெள்ளையாக்கிவிட்டு அப்புறம் ஒரே பங்கைப் போடுங்கள்.

இதற்கெல்லாம் கட்டுப்படாத ஒன்று மண்டபத்து எல்இடி லைட். மேடையில் நீல லைட் அடித்த காட்சியில் முகத்தில் சிவப்பே பதிந்திருக்காது. அங்கே சிவப்புப் பங்கை ஏற்றினால் முகம் இன்னும் இருண்டு புள்ளி புள்ளியாக இரையும். ரோஸ் லைட் அடித்தால் நேர் எதிர், சிவப்பு 255-ல் முட்டி நிற்கும், மூக்கும் கன்னமும் ஒரே தட்டையாகிவிடும். சந்தேகமாக இருந்தால் அந்த இடத்தில் சிவப்பை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள்:

```
ffmpeg -ss 00:12:30 -i kalyanam.mp4 -vf "format=gbrp,extractplanes=r" -frames:v 1 sivappu.png
```

r-க்குப் பதில் g, b போட்டால் மற்ற இரண்டும் வரும். மூன்று படத்தில் எதில் கண், மூக்கு, உதடு ஒழுங்காகத் தெரிகிறதோ, அந்தக் காட்சிக்கு அதற்கே அதிகப் பங்கு. மூன்றிலுமே முகம் இல்லை என்றால் அந்தக் காட்சியை மீட்க முடியாது. பதிவாகாததை எந்த மென்பொருளும் பிரித்துத் தராது. அதே மாதிரி கேமராவிலேயே வெடித்துப்போன வேட்டியின் மடிப்பும் வராது.

பங்கு சரியான பிறகுதான் கான்ட்ராஸ்ட், அதுவும் ஸ்லைடராக இல்லாமல் கர்வாக. முகம் விழும் நடுப்பகுதியை மட்டும் லேசாக மேலே இழுத்து, கருப்பு முனையையும் வெள்ளை முனையையும் இருந்த இடத்தில் நிறுத்த வேண்டும். நான் கடைசியில் கொடுத்தது இது:

```
ffmpeg -i kalyanam.mp4 -vf "colorchannelmixer=rr=0.45:rg=0.45:rb=0.1:gr=0.45:gg=0.45:gb=0.1:br=0.45:bg=0.45:bb=0.1,curves=all='0/0 0.25/0.28 0.5/0.56 0.9/0.92 1/1',format=yuv420p,noise=c0s=4:c0f=t" -c:v libx264 -crf 18 -c:a copy kv.mp4
```

கர்வில் உள்ள ஜோடிகளில் முதல் எண் உள்ளே போவது, இரண்டாவது வெளியே வருவது, 1 என்றால் முழு வெள்ளை. 0.5-ல் இருந்தது 0.56 ஆகிறது, 0.9-ல் இருந்தது 0.92-தான் ஆகிறது. இதனால் அப்பா முகம் 95-லிருந்து சுமார் 106-க்கு வந்தது, வேட்டி அதிகம் நகரவில்லை. பொட்டுக்கும் நெற்றிக்கும் இடையே இருந்த இடைவெளியும் கொஞ்சம் கூடியது. இன்னும் முரட்டுத்தனமாக இழுக்க ஆசை வரும். இழுத்தால் மண்டபச் சுவரில் பட்டை பட்டையாகக் கோடு விழும், ஏனென்றால் பெரும்பாலான வீடியோவில் மொத்தமே 256 படிகள்தான். கடைசியில் இருக்கும் noise அந்தப் பட்டையை மறைக்கத்தான். 4 என்ற அளவு கண்ணுக்கு உறுத்தாது, பழைய பிலிம் மாதிரி ஒரு சொரசொரப்பும் வரும். c0 என்று போட்டிருப்பதால் வெளிச்சத்தில் மட்டும் தூவும். அதற்குப் பதில் alls என்று போட்டால் கருப்பு வெள்ளையில் கலர்ப் புள்ளிகள் பறக்கும், அதையும் ஒருமுறை செய்து பார்த்தாகிவிட்டது.

எழுத்து விஷயத்தில் ஒரு எல்லை இருக்கிறது. போனும் சாதாரண கேமராவும் வெளிச்சத்தை முழு அளவிலும் கலரைப் பாதி அளவிலும்தான் சேமிக்கின்றன. 1920-க்கு 1080 வீடியோவில் கலர் 960-க்கு 540 தான். உங்கள் பேனரில் எழுத்தும் பின்னணியும் வெளிச்சத்தில் ஒன்றாகவும் கலரில் மட்டும் வேறாகவும் இருப்பதால், நாம் எழுத்தை அந்தப் பாதி அளவிலிருந்துதான் தோண்டி எடுக்கிறோம். பெயர் எழுதிய பெரிய எழுத்து நன்றாக வரும். சின்ன எழுத்தின் ஓரம் படிக்கட்டு மாதிரி உடையும், ஷார்ப் செய்தால் அந்தப் படிக்கட்டுதான் ஷார்ப் ஆகும். மூலம் 4கே-யில் இருந்தால் தப்பித்தீர்கள். அதில் கலரே 1920-க்கு 1080 இருக்கும், அதனால் 4கே-யிலேயே பங்கைப் போட்டுவிட்டு அப்புறம் 1080-க்குச் சுருக்குங்கள். கட்டளையில் கர்வுக்குப் பின்னால், format-க்கு முன்னால் `scale=1920:1080` சேர்த்தால் போதும். வரிசையை மாற்றி முதலில் சுருக்கிவிட்டால் அந்த லாபம் கிடைக்காது.

முழுவதையும் ரெண்டர் செய்யும் முன் முகூர்த்தம், பேனர் தெரியும் மேடை, வெளியே வெயிலில் சீர்த் தட்டு வரும் இடம் என்று மூன்று துண்டு, இருபது இருபது வினாடி மட்டும் எடுத்து, வீட்டு டிவியிலும் ஒரு சாதாரண போனிலும் பாருங்கள். காட்சிக்குக் காட்சி பங்கை மாற்றினாலும், அம்மாவின் முகம் எல்லாக் காட்சியிலும் ஏறக்குறைய ஒரே சாம்பலில் நிற்கிறதா என்று பாருங்கள். மற்றது கொஞ்சம் முன்பின் இருந்தாலும் யாரும் கவனிக்க மாட்டார்கள். பேனரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் தேதியும் மண்டபத்தின் பெயரும் எப்படிச் செய்தாலும் வராது. அதை, மாற்றி முடித்த வீடியோவின் மேல் வெள்ளை எழுத்தில் மெல்லிய கருப்பு ஓரம் வைத்து டைட்டிலாகப் போட்டுவிடுங்கள்.